4.8 ஓம் என்று எழுதியிருந்த வீட்டில் இடி இறங்கிய பிறகு

வீட்டுக்காரர் முதலில் என் கையில் கொடுத்தது ஒரு தாளைத்தான். இடிதாங்கி பொருத்தியவர்கள் வேலை முடித்த அன்று எழுதிக் கொடுத்த சோதனைத் தாள் அது. எர்த் ரெசிஸ்டன்ஸ் 4.8 ஓம் என்று பேனாவால் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்கள். "தம்பி, பத்து ஓமுக்குக் கீழே இருந்தா போதும்னு சொன்னாங்க. இதுல பாதிகூட இல்லை. அப்புறம் ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. முந்தைய வாரம் அந்த வீட்டில் இடி விழுந்திருந்தது. டிவி, இன்டர்நெட் ரவுட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் மூன்றும் போய்விட்டன. மாடிப் படுக்கையறையின் சுவிட்ச் போர்டு சுவரை விட்டுப் பெயர்ந்து ஒயரில் தொங்கியது. யாருக்கும் அடிபடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதையும், பிறகு அந்த வீட்டுக்கு இடிதாங்கியையும் எர்த்தையும் புதிதாக அமைத்ததையும் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

வீடும் பழைய அமைப்பும்

வீடு 12 மீட்டருக்கு 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும். மொட்டைமாடியின் தளம் தரையிலிருந்து 6 மீட்டரில், கைப்பிடிச்சுவரின் உச்சி 7 மீட்டரில் இருக்கிறது. ஒரு மூலையில் மாடிப்படி அறை. அதன் கூரை 9 மீட்டர் உயரம், அதற்கு மேல் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் வரை போகிறது. தளத்தின் நடுவில் சூரிய வெந்நீர் அமைப்பு. எதிர் மூலையில் டிஷ் ஆன்டெனா. சுற்றிலும் உயரமாக வேறொன்றும் இல்லை.

இடிதாங்கி என்று இருந்தது ஒரே ஒரு செம்பு ராடு. மாடிப்படி அறைக் கூரையின் ஓரத்தில் 2 மீட்டர் உயரத்துக்கு நின்றது, அதாவது அதன் முனை தரையிலிருந்து 11 மீட்டர். அங்கிருந்து 25க்கு 3 மில்லிமீட்டர் செம்புப் பட்டை ஒன்று வெளிச்சுவர் வழியே இறங்கி, சன்ஷேடைச் சுற்றி வளைந்து, கீழே ஒரு எர்த் குழிக்குப் போனது. குழிக்குள் 3 மீட்டர் நீளமுள்ள கால்வனைஸ்டு இரும்புக் குழாய், அதைச் சுற்றி உப்பும் கரியும். வீட்டு மின்சாரத்துக்கான எர்த் குழி வீட்டின் மறுபக்கம் தனியாக இருந்தது. இரண்டையும் இணைக்கவில்லை. "இடி கரண்ட் வீட்டு எர்த்துக்குள்ள வந்துடக் கூடாது"ன்னு பிரித்து வைத்ததாகச் சொன்னார்களாம்.

ராடின் முனையைப் பார்த்தேன். கூர் மழுங்கி, அரிசி அளவுக்கு உருகி உறைந்த மணி ஒன்று இருந்தது. ஆக இடி ராடில்தான் விழுந்திருக்கிறது. ராடு தன் வேலையைச் செய்திருக்கிறது. கோளாறு அதற்குக் கீழேதான்.

படுக்கையறைச் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தபோது விஷயம் பாதி புரிந்தது. சன்ஷேடுக்குக் கீழே பட்டை சுவரை ஒட்டி இறங்கும் இடத்தில், சுவரில் ஆணி நுழையும் அளவுக்கு ஒரு கருத்த ஓட்டை. அதற்கு நேர் உட்புறம்தான் பெயர்ந்து தொங்கிய சுவிட்ச் போர்டு. நடுவில் இருந்தது பத்து சென்டிமீட்டர் செங்கல் சுவர்.

அந்த 4.8 எங்கிருந்து வந்தது

முதலில் குழியை அளந்தேன். எர்த் டெஸ்டரில் மூன்று இணைப்புகள் உண்டு: ஒன்று சோதிக்கும் குழிக்கு, மற்ற இரண்டு தரையில் அடிக்கும் இரண்டு ஆணிகளுக்கு. தூரத்து ஆணி கரண்டைத் திருப்பி எடுக்கும், நடு ஆணி வோல்டேஜைப் பார்க்கும். தூரத்து ஆணியைக் குழியிலிருந்து 40 மீட்டரில் அடித்தேன். நடு ஆணியை அதே நேர்கோட்டில் 62 சதவீதத் தூரத்தில், கிட்டத்தட்ட 25 மீட்டரில் வைத்தபோது 20.4 ஓம் காட்டியது. அதை 4 மீட்டர் முன்னே நகர்த்தினால் 19.8, 4 மீட்டர் பின்னே நகர்த்தினால் 20.9. மூன்றும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போவதால் இது நம்பத்தக்க எண். எனவே குழி 20 ஓம்.

அப்படியானால் தாளில் 4.8 எப்படி? சோதனை நடந்த அன்று வீட்டுக்காரரின் மகள் போனில் படம் எடுத்திருந்தாள். அதில் எல்லாம் தெரிந்தது. மழை ஓய்ந்த ஈரத் தரை, குழியில் அப்போதுதான் ஊற்றிய தண்ணீர், நடு ஆணி குழியிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில், தூரத்து ஆணி காம்பவுண்டுச் சுவரோரம், அதிகம் போனால் 6 மீட்டரில்.

நடு ஆணியை அவ்வளவு பக்கத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பது தெரிய வேண்டும். குழாயிலிருந்து மண்ணுக்குள் பரவும் கரண்ட், குழாயை ஒட்டிய மண்ணில்தான் அதிக வோல்டேஜை இழக்கிறது. போகப் போகக் கரண்ட் பாயும் மண்ணின் பரப்பு விரிவதால் இழப்பு குறைகிறது. நடு ஆணி அந்த வோல்டேஜ் சரிவுக்குள்ளேயே இருந்தால், சரிவில் ஒரு பகுதியை மட்டும்தான் மீட்டர் பார்க்கும். மீதி கணக்கிலேயே வராது. எண் சின்னதாகத் தெரியும்.

சந்தேகம் தீர, அந்தப் படத்தில் இருந்த அதே இடங்களில் ஆணிகளை அடித்தேன். குழியிலிருந்து ஒன்றரை மீட்டர், 6 மீட்டர். இப்போது அதே குழி 9.7 ஓம் காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் 20.4. ஆணியின் இடமே பாதியைத் தின்றுவிட்டது. மீதியைத் தின்றது மழையின் ஈரமும் புது உப்பும். உப்பு மழைக்கு மழை கரைந்து போய்விடும், அது கொடுத்த சலுகையும் அதோடு போய்விடும்.

உப்பு இன்னொன்றும் செய்திருந்தது. குழியின் மூடியைத் திறந்து, பட்டையைக் குழாயோடு கவ்வியிருந்த போல்ட்டைத் தொட்டேன். திருக வேண்டிய தேவையே இருக்கவில்லை, நட்டும் போல்ட்டும் துருப்பொடியோடு என் விரலிலேயே வந்துவிட்டன. குழாயின் மேல்பகுதியைச் சுரண்டினால் ஏடு ஏடாக உரிந்தது.

உண்மையிலேயே 4.8 ஆக இருந்திருந்தால்?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வீட்டுக்காரர் "சரி, ஏமாத்திட்டாங்க, நீங்க நல்லதா ஒரு குழி போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல குழி மட்டும் போதாது என்று அவருக்கு விளங்க வைக்க ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஒரு நடுத்தரமான மின்னலின் உச்சக் கரண்ட் ஏறத்தாழ 30 கிலோ ஆம்பியர். அது 20 ஓம் வழியாக மண்ணுக்குள் இறங்கினால், அந்த நொடியில் குழியும் பட்டையும் தூரத்து மண்ணைவிட 600 கிலோ வோல்ட் மேலே நிற்கும். அதுவே உண்மையான 4.8 ஓம் என்றால் 144 கிலோ வோல்ட். குறைவுதான். ஆனால் சுவருக்கு உட்புறம் சுவிட்ச் போர்டின் எர்த் ஒயர், வீட்டின் மறுபக்கக் குழியோடு இணைந்து ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் செங்கல்லின் ஒரு பக்கம் 144 கிலோ வோல்ட், மறுபக்கம் பூஜ்யம். அந்தச் சுவர் தாங்காது.

அதோடு பட்டையின் சொந்த வோல்டேஜையும் கூட்ட வேண்டும். கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணத்தை இன்டக்டன்ஸ் என்பார்கள், நேராக ஓடும் பட்டைக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி உண்டு. கரண்ட் ஒரு மைக்ரோ செகண்டுக்கு 10 கிலோ ஆம்பியர் வேகத்தில் ஏறினால் மீட்டருக்கு 10 கிலோ வோல்ட் விழும். குழியின் ஓம் பூஜ்யமாகவே இருந்தாலும் இந்த வோல்டேஜ் இருக்கும்.

ஆக, வீட்டுக்குள் இடியைக் கொண்டுவந்தது இரண்டு எர்த்துகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம். பாதுகாப்புக்கு என்று பிரித்து வைத்ததே அதற்கு வழி அமைத்துக் கொடுத்துவிட்டது. இரண்டும் இணைந்திருந்தால் வீடு முழுவதும் ஒன்றாக மேலே ஏறி ஒன்றாகக் கீழே இறங்கியிருக்கும். படகு அலையில் ஏறும்போது உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து ஏறுவதுபோல. அதனால் புது அமைப்பில் நான் முதலில் வரைந்தது ராடையும் அல்ல, குழியையும் அல்ல. எல்லா எர்த்தும் சந்திக்கும் செம்புப் பட்டியைத்தான் முதலில் வரைந்தேன்.

ராடு எதைக் காக்கும்

ஒரு உயரமான ராடு வீடு முழுவதையும் காத்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இதைச் சோதிக்க உருளும் கோளம் என்ற முறை இருக்கிறது. ஐஇசி 62305 தரநிலையில் பாதுகாப்பு நிலை மூன்றுக்கு 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய பந்தை மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத் தரையிலும் வீட்டின் மேலும் எல்லாத் திசையிலிருந்தும் உருட்டிப் பார்க்க வேண்டும். பந்து எதைத் தொடுகிறதோ அங்கே இடி விழலாம். ராடில் முட்டி நிற்பதால் பந்து தொட முடியாத பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு.

தரையில் உருண்டு வந்து 11 மீட்டர் உயர ராடு முனையில் முட்டும் பந்தைக் கணக்கிட்டேன். `h` ராடு முனையின் உயரம், `y` நாம் காக்க நினைக்கும் பொருளின் உயரம், `r` பந்தின் ஆரம்.

```
தூரம் = √(2rh − h²) − √(2ry − y²)

r = 45, h = 11, y = 7   →  29.5 − 24.1 = 5.4 மீ
r = 45, h = 11, y = 10  →  29.5 − 28.3 = 1.2 மீ
```

கைப்பிடிச்சுவரின் உயரத்தில் அந்த ராடு காத்தது தன்னைச் சுற்றி 5.4 மீட்டர் ஆரத்தை மட்டுமே. எதிர் மூலைக்கு 15 மீட்டர். டிஷ் ஆன்டெனா நின்ற மூலைக்குப் பாதுகாப்பே இல்லை. அதன் கேபிள் நேராக டிவிக்குப் போகிறது. அடுத்த இடி அங்கேயும் விழுந்திருக்கலாம். பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் உச்சியில்கூட ராடிலிருந்து 1.2 மீட்டருக்கு அப்பால் பாதுகாப்பு இல்லை.

ராடை இன்னும் உயர்த்தினால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். உயர்த்தலாம், ஆனால் ஒரே ராடால் எதிர் மூலையை எட்ட வேண்டுமானால் அது வீட்டைவிட உயரமான கம்பமாகிவிடும், காற்றுக்கும் நிற்க வேண்டும். சின்ன ராடுகளைப் பல இடத்தில் வைப்பதுதான் எளிது. கைப்பிடிச்சுவரின் உச்சியில் நான்கு பக்கமும் செம்புப் பட்டையைச் சுற்றினோம். நான்கு மூலையிலும் 1 மீட்டர் ராடு. மாடிப்படி அறைக் கூரையில் பழைய ராடின் முனையைச் செதுக்கி அங்கேயே வைத்துக்கொண்டு, தொட்டியின் மறுபக்கத்தில் அதே உயரத்துக்கு இன்னொன்றை நிறுத்தினோம். இரண்டுக்கும் இடையில் 4 மீட்டர் தூரம். பந்து இரண்டின் மேலும் உட்கார்ந்தால் நடுவில் 4 சென்டிமீட்டர்தான் தொங்கும். தொட்டி தப்பித்தது.

வெந்நீர் அமைப்புதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதன் உச்சி 7.8 மீட்டரில். மூலை ராடுகளின் முனை 8 மீட்டரில். பார்த்தால் மறைந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் குறுக்கே 15 மீட்டர் இடைவெளியில் பந்து 63 சென்டிமீட்டர் கீழே தொங்கி வெந்நீர் அமைப்பைத் தொட்டுவிடும். அதனால் பக்கத்தில் தளத்திலிருந்து 3 மீட்டர் உயரத்துக்குத் தனியாக ஒரு ராடு நிறுத்தினோம். வெந்நீர் அமைப்பின் இரும்புச் சட்டத்தோடு அதைச் சேர்த்துக் கட்டவில்லை. சட்டத்தில் இருக்கும் உலோகக் குழாய் குளியலறைக்குப் போகிறது. சட்டத்தைக் கட்டினால் இடியின் ஒரு பங்கைக் குளியலறைக்கு அனுப்பியதாகிவிடும். தள்ளி நிற்க வேண்டிய தூரம் இந்த வீட்டுக்குக் கணக்கில் ஏறத்தாழ கால் மீட்டர் வந்தது. இடையில் காற்று இல்லாமல் செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தால் அது இருமடங்காகும். அரை மீட்டர் விட்டோம். இந்தத் தூரக் கணக்கு கீழே எல்லா எர்த்தும் இணைந்திருக்கிறது என்ற நிபந்தனையில்தான் செல்லும். டிஷ் ஆன்டெனாவை மூலையிலிருந்து எடுத்து, ராடுகளின் பாதுகாப்புக்குள் கைப்பிடிச்சுவருக்குக் கீழே மாற்றிவிட்டோம்.

நிலை மூன்று என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. உச்சம் 10 கிலோ ஆம்பியருக்குக் கீழான சின்ன மின்னல்கள் இந்த ராடுகளுக்கு இடையில் நழுவி விழலாம். வீட்டுக்காரரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொன்னேன்.

நான்கு வழியாக இறக்கியது

கீழே இறங்கும் பட்டைகளுக்கு இடையில் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது நிலை மூன்றின் கணக்கு. மூன்று பட்டைகளே போதும்தான். ஆனால் மூலைக்கு ஒன்றாக நான்கு போட்டோம். கரண்ட் பிரிந்து இறங்கினால் ஒவ்வொரு பட்டையின் வோல்டேஜும் குறையும், உள்சுவருக்குப் பாயும் ஆசையும் குறையும். சன்ஷேடைச் சுற்றிய பழைய வளைவை எடுத்துவிட்டு நேராக இறக்கினோம். பட்டை இப்படி ப வடிவில் மடியும்போது மின்னல் அந்தச் சுற்றுவழியை விட்டு, மடிப்பின் இரண்டு கால்களுக்கும் இடையில் குறுக்கே தாவப் பார்க்கும்.

ஒரு மூலை வாசல் கேட்டை ஒட்டி இருந்தது. மழைக்கு ஒதுங்குபவர்கள் கை வைக்கும் இடம். அங்கே பட்டையைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் வரை அதற்கென்று வரும் தடித்த இன்சுலேஷன் உறைக்குள் விட்டோம், சுற்றியுள்ள தரையில் 15 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பினோம். இடி இறங்கும்போது தரையில் ஓரடி இடைவெளியிலேயே வோல்டேஜ் மாறுவதால், இரண்டு காலுக்கும் இடையில் கரண்ட் ஓடாமல் தடுக்க இந்த ஜல்லி.

ஒவ்வொரு பட்டையிலும் தரைக்கு மேல் இடுப்பு உயரத்தில் ஒரு சோதனைக் கிளாம்ப். இதைக் கழற்றினால் மேல்பாதியும் கீழ்பாதியும் பிரியும். பின்னால் இது பற்றி வருகிறது.

மண்ணுக்குள்

முதலில் மண்ணை அளந்தோம். நான்கு ஆணிகளை 3 மீட்டர் இடைவெளியில் ஒரே கோட்டில் அடித்து அளந்தால் மீட்டர் 5.8 ஓம் காட்டியது. `a` ஆணிகளின் இடைவெளி, `R` மீட்டர் காட்டிய எண். `ρ = 2π × a × R` என்று போட்டால் மண்ணின் ரெசிஸ்டிவிட்டி `ρ` 109, அதாவது 110 ஓம் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்து அளவு இது. மோசமான பருவத்தில் அளந்ததால் இதை வைத்துத் திட்டமிடலாம்.

```
ஒரு ராடு:      R = ρ / (2πL) × [ln(8L/d) − 1]
வளையம் மட்டும்:  R ≈ 2ρ / (3D)
```

முதல் வரியில் `L` ராடின் நீளம், `d` தடிமன். 3 மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ராடுக்கு 37 ஓம் வருகிறது. இப்படி நான்கை அடித்தாலும் ஒன்றின் மண்ணை இன்னொன்று பங்குபோடுவதால் 37-ஐ நான்கால் வகுத்த எண் கிடைக்காது. பத்து ஓமைச் சுற்றியே நிற்கும். இரண்டாம் வரியில் `D` வளையத்தின் பரப்புக்குச் சமமான வட்டத்தின் விட்டம். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வீட்டைச் சுற்றி 14க்கு 11 மீட்டரில் பட்டையைப் புதைத்தால் அந்த விட்டம் 14 மீட்டர், வளையம் மட்டுமே ஏறத்தாழ 5.2 ஓம். ஆழமான குழி ஒன்றைத் தோண்டுவதைவிட வீட்டைச் சுற்றி முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள ஒரு பள்ளம் தோண்டுவது பலன் தந்தது. வீடு முழுவதையும் ஒரே வோல்டேஜில் நிறுத்துவதும் அந்த வளையம்தான். அதனால் எனக்கு ஓமைவிட இந்தக் காரணத்துக்காகவே வளையம் வேண்டும்.

பள்ளத்தின் ஆழம் 60 சென்டிமீட்டர். மேல்மண் வெயிலில் காய்ந்துவிடும், அப்போது வளையத்தின் ஓம் ஏறும். மூலைக்கு ஒன்றாக இறக்கும் 3 மீட்டர் ராடுகள் கீழே ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அந்த ஏற்றத்தை மட்டுப்படுத்தும். ராடு செம்பு பூசிய இரும்பு, பூச்சு 250 மைக்ரான். பட்டையும் செம்பு. பழைய கால்வனைஸ்டு குழாயைச் சேர்க்கவில்லை. ஈரமண்ணில் செம்போடு கட்டினால் துத்தநாகமும் இரும்பும்தான் முதலில் அரிக்கும்.

ராடுகளை ஒவ்வொன்றாக அடித்து, வளையத்தோடு இணைக்கும் முன்பே தனித்தனியாக அளந்தோம். இந்தப் பழக்கத்தை நான் விடுவதே இல்லை, எல்லாவற்றையும் சேர்த்த பிறகு அளந்தால் கெட்டது நல்லதுக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று ராடுகள் 34, 36, 38 ஓம் காட்டின. கணக்கில் வந்த 37-ஐச் சுற்றியே. நான்காவது 1.8 மீட்டரோடு நின்றுவிட்டது. சம்மட்டி விழும் சத்தமே மாறியது. "அண்ணே, பாறை" என்றார் உடன் வேலை செய்தவர். பாறை இருக்க வாய்ப்பில்லை என்று தோன்றியது, மற்ற மூலைகளில் கல்லே வரவில்லை. அளந்தால் 71 ஓம். கணக்குப்படி 1.8 மீட்டர் ராடு அந்த மண்ணில் 56 காட்ட வேண்டும். ராடு குட்டையாக நின்றதோடு மண்ணும் மோசம் என்று அர்த்தம். தோண்டிப் பார்த்தால் வீடு கட்டியபோது புதைத்த உடைந்த செங்கல்லும் கான்கிரீட் துண்டுகளும். ராடை உருவி, பள்ளத்தின் கோட்டிலேயே ஒன்றரை மீட்டர் தள்ளி அடித்தோம். முழு நீளமும் இறங்கி 39 ஓம் வந்தது.

ராடைச் சுற்றி உப்பு போடவில்லை. ராடின் தலைப்பகுதியில் ஒரு அடி அகலத்துக்கு மண்ணெடுத்து பென்டோனைட் களிமண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றினோம். அது ஈரத்தைப் பிடித்து வைத்து ராடோடு ஒட்டிக்கொள்ளும், மழையில் கரைந்து ஓடாது. ஒவ்வொரு ராடின் தலைக்கும் மூடியோடு ஒரு சின்னத் தொட்டி.

மண்ணுக்குள் இருக்கும் இணைப்புகளில் போல்ட் வைக்கவில்லை, என் விரலில் வந்த அந்த நட்டு ஞாபகம் இருந்தது. எல்லாம் எக்ஸோதெர்மிக் வெல்டிங். கிராஃபைட் அச்சுக்குள் ராடையும் பட்டையையும் வைத்து, மேலே பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால் சில நொடியில் உருகிய செம்பு இறங்கி இரண்டையும் ஒரே உலோகமாக்கிவிடும். ஈரம் இருந்தால் அச்சு வெடித்துத் தெறிக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் அச்சையும் பட்டையையும் சூடாக்கி உலர்த்திய பிறகே பற்றவைத்தோம். ஆறியதும் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பார்த்தோம். ஒரு இணைப்பு அதில் விரிசல் விட்டது, அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பச் செய்தோம்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது

மெயின் போர்டுக்குக் கீழே செம்புப் பட்டி ஒன்றைப் பொருத்தினோம். வளையத்திலிருந்து ஒரு பட்டை, வீட்டின் பழைய மின் எர்த், உலோகத் தண்ணீர்க் குழாய், மோட்டாரின் எர்த், டிஷ் கேபிளின் உறை, எல்லாம் அந்தப் பட்டிக்கு வந்தன.

கரண்ட் ஒயர்களை இப்படி நேரடியாக எர்த்தோடு கட்ட முடியாது. அதற்காகத்தான் சர்ஜ் காப்பான். மெயின் போர்டில் டைப் 1, ஒவ்வொரு கம்பிக்கும் 12.5 கிலோ ஆம்பியர் இடிக் கரண்ட்டைத் தாங்குவது. சாதாரண நேரத்தில் திறந்திருக்கும், வோல்டேஜ் எகிறும்போது மட்டும் மூடி ஒயரையும் எர்த்தையும் ஒன்றாக்கும். இதைப் பொருத்தும்போது நடக்கும் தவறு ஒயரின் நீளம். காப்பானுக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஒயர் மொத்தம் அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போர்டின் ஒரு ஓரத்தில் அழகாக வளைத்து ஒன்றரை மீட்டர் விட்டால், நான் மேலே சொன்ன இன்டக்டன்ஸ் கணக்கு இங்கேயும் வேலை செய்யும். காப்பான் நல்லதாக இருந்தும் டிவி போகும். இங்கே போர்டுக்குள் இடமில்லாததால் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டியே வைத்து 40 சென்டிமீட்டரில் முடித்தோம்.

மறுபடியும் அதே எண்

மின் எர்த்தோடு இணைக்கும் முன்பு, நான்கு சோதனைக் கிளாம்பையும் கழற்றிவிட்டு வளையத்தை மட்டும் அளந்தோம். ஒற்றைக் குழிக்கு 40 மீட்டர் போதுமாக இருந்தது. வளையம் குறுக்கே 18 மீட்டர் அகலம், அதன் வோல்டேஜ் சரிவும் அவ்வளவு தூரம் விரியும். தூரத்து ஆணியைக் குறைந்தது ஐந்து மடங்குத் தூரத்தில், 90 மீட்டரில் அடித்தோம். பக்கத்துக் காலி மனைகளைத் தாண்டி ஒயரை இழுக்க வேண்டியிருந்தது. நடு ஆணி 56 மீட்டரில். 4.7 ஓம்.

வீட்டுக்காரர் பழைய தாளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். "இதுக்கா இவ்வளவு வேலை? அதே நம்பர்தானே?"

நடு ஆணியை 47 மீட்டருக்கும் 65 மீட்டருக்கும் அவரையே நகர்த்தி அடிக்கச் சொன்னேன். 4.6, 4.8. எண் அசையவில்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார். அப்புறம் பழைய குழிக்கு அழைத்துப்போய், நடு ஆணியை ஒன்றரை மீட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி அடிக்க வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் எண் ஏறிக்கொண்டே போனது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு சோதனைக்கு வேறு ஒருவர் வந்திருக்கிறார். வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்து, "இப்ப 0.18 ஓம் காட்டுதாம், அருமையா இருக்குன்னு சொல்றாரு" என்றார். வந்தவர் கையில் இருந்தது கிளாம்ப் மீட்டர். பட்டையைக் கவ்வினால் போதும், ஆணி அடிக்க வேண்டாம் என்பது அதன் வசதி. ஆனால் அது ஒரு சுற்றில் கரண்ட்டை ஓடவிட்டு அந்தச் சுற்றின் ஓமைச் சொல்லும் கருவி. இங்கே நான்கு பட்டைகளும் மேலே கைப்பிடிச்சுவரிலும் கீழே வளையத்திலும் இணைந்திருக்கின்றன. ஒரு பட்டையில் புகுந்த கரண்ட் மண்ணைத் தொடாமலே செம்பு வழியாகச் சுற்றித் திரும்பி வந்துவிடும். 0.18 என்பது செம்பின் ஓம். பட்டைகள் அறுந்துபோகவில்லை, இணைப்புகள் தளரவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. மண்ணைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வானம் தெளிந்த ஒரு நாள் போய், சோதனைக் கிளாம்ப் நான்கையும் செம்புப் பட்டிக்கு வரும் இணைப்பையும் கழற்றி, 90 மீட்டரில் திரும்ப அளந்தேன். கோடையின் கடைசி, தரை வெடித்திருந்தது. 5.1 ஓம். கழற்றியவற்றை மாட்டி இறுக்கிய பிறகு, மெயின் போர்டுக் கதவின் உட்புறம் ஒரு அட்டையை ஒட்டினேன். தேதி, தரை காய்ந்ததா ஈரமா, தூரத்து ஆணி 90, நடு ஆணி 47, 56, 65, மூன்று எண்கள், கடைசியில் கிளாம்ப் மீட்டருக்கு என்று தனியாக ஒரு கட்டம்.